வட்டியில் பத்து வீதம் போகிறதா? மூத்த அம்மாமார் வங்கிக்குக் கொடுக்கக்கூடிய சுய பிரகடனம்



காணி விற்ற காசு, கணவரின் சேமலாப நிதி, நட்டஈடாகக் கிடைத்த தொகை, பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பியது என்று கையில் வந்த பணத்தை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு, மாதாமாதம் வரும் வட்டியில் மருந்தும் அரிசியும் வாங்கிச் சீவிக்கும் அம்மாமார் எம்மிடையே பலர். அவர்களுடைய வட்டியில் 100 ரூபாவுக்கு 10 ரூபா வீதம் வங்கி கழித்துக்கொண்டு மிகுதியைத்தான் கணக்கில் இடுகிறது. "இது எல்லோருக்கும் உள்ள சட்டம், ஒன்றும் செய்ய முடியாது" என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படியல்ல. வருமானம் குறைந்தவர்கள் இந்தக் கழிப்பை நிறுத்துமாறு வங்கியிடம் எழுத்தில் அறிவிக்கலாம். அதற்குப் பெயர் சுய பிரகடனம். இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில், இந்தக் கழிப்பு எங்கிருந்து வந்தது? 2020 முதல் 2022 முடியும் வரை வட்டியில் கட்டாயக் கழிப்பு இருக்கவில்லை. 2023 ஜனவரி 1 முதல் 5 வீதம் கழிக்கத் தொடங்கினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதமாகியது. இதை நிறுத்திவைத்தல் வரி என்பார்கள். வங்கி இதைத் தனக்காக எடுப்பதில்லை. உங்கள் பெயரில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. அதாவது, நீங்கள் கட்டவேண்டி வரக்கூடிய வருமான வரிக்காக முன்கூட்டியே பிடித்துவைக்கும் பணம் இது.

ஆனால் ஒருவர் உண்மையில் வருமான வரி கட்ட வேண்டுமா என்பது வேறு கேள்வி. 2025 ஏப்ரல் 1 முதல், இலங்கையில் வதியும் ஒருவருடைய ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. மாதக் கணக்கில் இது 150,000 ரூபா. இதற்கு உட்பட்ட வருமானமுள்ளவரிடம் பிடிக்கப்படும் பத்து வீதம், அவர் கட்டத் தேவையே இல்லாத வரி. அதனால்தான் கழிப்பு 10 வீதமான அதே நாளிலிருந்து சுய பிரகடன வசதியும் வந்தது.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். "எனக்கு 60 வயது தாண்டிவிட்டது, ஆகவே வட்டிக்கு வரி இல்லை" என்று சிலர் நம்புகிறார்கள். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் மூத்த பிரஜைகளின் வட்டிக்கென ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபா தனிச் சலுகை இருந்தது. அந்த ஞாபகந்தான் இது. இப்போது வயதுக்கென்று அப்படித் தனிச் சலுகை இல்லை. முதியோர் அடையாள அட்டையைக் காட்டுவதால் மட்டும் கழிப்பு நிற்காது. இன்று பார்க்கப்படுவது வயதல்ல, வருமானம்.

எதை வருமானமாக எண்ணுவது?

பிரகடனத்தில் நீங்கள் சொல்வது ஒரே ஒரு விடயம்: "இந்த மதிப்பாண்டில் எனது மொத்த வருமானம் 18 இலட்சம் ரூபாவை விஞ்சாது." மதிப்பாண்டு என்பது ஏப்ரல் 1 முதல் அடுத்த வருடம் மார்ச் 31 வரை. கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்க வேண்டும்.

வைப்பிலிட்ட முதல் வருமானம் அல்ல. 20 இலட்சம் வைப்பில் இருந்தால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டதாகப் பயப்பட வேண்டாம். அதற்கு ஒரு வருடத்தில் வரும் வட்டியைத்தான் எண்ண வேண்டும். கைக்கு வந்த தொகையை அல்ல, வரி கழிக்கும் முன்னுள்ள முழு வட்டியை எழுதுங்கள். ஒரு வங்கியில் மட்டுமல்ல, எல்லா வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உங்கள் பெயரில் வரும் வட்டியைச் சேருங்கள். சேமிப்புக் கணக்கின் சிறு வட்டியும் இதில் அடங்கும்.

வீடோ கடையோ வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையை எதுவும் கழிக்காமல் முழுதாகச் சேருங்கள். கடை, தையல், கோழி வளர்ப்பு போன்ற தொழில் இருந்தால் செலவு போக மிஞ்சும் இலாபத்தைச் சேருங்கள். வெளிநாட்டிலுள்ள மகனோ மகளோ தாயின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அனுப்பும் பணம் தாயின் வருமானம் அல்ல. ஆனால் அந்தப் பணத்தைத் தாய் தன் பெயரில் வைப்பிலிட்டால், அதன் வட்டி தாயின் வருமானம். அரசாங்கம் முன்னாள் அரச ஊழியருக்கு வழங்கும் ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு.

இரண்டு கணக்குகள்

67 வயதான ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஒரு வங்கியில் 24 இலட்சம் ரூபா, ஆண்டுக்கு 8 வீத வட்டி, மாதாமாதம் பெறுகிறார். மாத வட்டி 16,000 ரூபா. அதில் 1,600 போக 14,400 கையில் வருகிறது. இன்னொரு வங்கியில் 10 இலட்சம், 9 வீதம், வருட முடிவில் 90,000 ரூபா. அதில் 9,000 கழிகிறது. சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 6,000 ரூபா வட்டி, அதில் 600 கழிகிறது. சிறு கடையொன்றின் வாடகை மாதம் 12,000 ரூபா.

வருட வட்டி 192,000, 90,000, 6,000. கூட்டினால் 288,000 ரூபா. வாடகை 144,000. மொத்தம் 432,000 ரூபா. 18 இலட்சத்தின் கால்வாசிகூட இல்லை. இவர் கட்டவேண்டிய வரி ஒன்றுமில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் வருடத்தில் 28,800 ரூபா பிடிபடும். இது அவருக்கு ஏறக்குறைய இரண்டு மாத வட்டி. இவர் தயங்காமல் பிரகடனம் கொடுக்கலாம்.

இனி மற்றொருவர். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய 2 கோடி ரூபா இவர் பெயரில் 8 வீதத்தில் இருக்கிறது. வட்டி 16 இலட்சம். கடையில் மாதம் 30,000 இலாபம், வருடத்துக்கு 360,000. மொத்தம் 19 இலட்சத்து 60 ஆயிரம். இவர் பிரகடனம் கொடுக்கக்கூடாது. பொய்யாகப் பிரகடனம் செய்வது சட்டப்படி குற்றம். ஆனாலும் இவருக்கு வழியில்லை என்றில்லை. எல்லையைத் தாண்டிய 160,000 ரூபாவுக்கு மட்டுமே வரி, அதுவும் முதற் படியான 6 வீதம்: 9,600 ரூபா. வங்கி வட்டியில் பிடித்தது 160,000 ரூபா. மிகுதி 150,400 ரூபாவை இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விபரத்திரட்டுச் சமர்ப்பித்து மீளக் கேட்கலாம்.

செய்யவேண்டியவை

முதலில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டும். வங்கியில் டின் இலக்கம் என்று கேட்பார்கள். இது இல்லாமல் பிரகடனத்தை ஏற்கமாட்டார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டை விபரங்களுடன் பதியலாம். யாழ்ப்பாணத்தில் உள்ளது போன்ற பிராந்திய அலுவலகங்களுக்கு நேரில் சென்றும் கேட்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிந்து தருபவரிடம் வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. "இலக்கம் எடுத்தால் வரி கட்டவேண்டி வரும்" என்று பயப்படாதீர்கள். இலக்கம் ஆளை அடையாளம் காட்டுவது. வரி வருமானத்தைப் பொறுத்தது.

அடுத்து வங்கிக் கருமபீடத்தில் சுய பிரகடனப் படிவத்தைக் கேளுங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், டின் இலக்கம், எந்த மதிப்பாண்டு என்பவற்றை நிரப்பிக் கையெழுத்திட்டுத் திகதி இடுங்கள். வேறொருவர் நிரப்பித் தந்தால், 18 இலட்சம் பற்றிய வாசகத்தை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியில் வங்கியின் திகதி முத்திரை பெற்று வைப்புச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பிழைக்கிறது?

ஒரு வங்கியில் கொடுத்த பிரகடனம் மற்ற வங்கிக்குச் செல்லாது. மேலே சொன்ன முதலாவது அம்மா இரண்டு வங்கிகளிலும் கொடுக்க வேண்டும். மகனுடனோ சகோதரியுடனோ கூட்டாக உள்ள கணக்கென்றால் தாய் மட்டும் கையெழுத்திட்டுப் போதாது. மற்றவருடைய டின் இலக்கமும் பிரகடனமும் வேண்டும். அவருடைய வருமானம் எல்லையைத் தாண்டியிருந்தால் அவர் கொடுக்க முடியாது.

பிரகடனம் ஒரு மதிப்பாண்டுக்கே உரியது. மார்ச் 31 உடன் அது முடிகிறது. ஏப்ரல் மாத வட்டி விழுமுன் புதியதைக் கொடுத்துவிடுங்கள். வருட முடிவில் வட்டி பெறும் வைப்பென்றால், முதிர்வுத் திகதிக்கு முன்னரே கொடுக்க வேண்டும். முதிர்ந்த மறுநாள் போனால் முழு வருட வட்டியிலும் கழிப்பு நடந்து முடிந்திருக்கும். இடையில் புதிய வைப்புத் தொடங்கினால் அதையும் பிரகடனத்துடன் சேர்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். வருமானம் கூடி எல்லையைத் தாண்டும் நிலை வந்தால் வங்கிக்கு உடனே அறிவியுங்கள்.

கழிப்பு நின்றதா என்பதை அறிவது எளிது. அடுத்த வட்டி விழுந்ததும் கணக்குக் கூற்றைப் பாருங்கள். டபிள்யூ.எச்.ரி. என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு கழிவு இருந்தால் இன்னும் நிற்கவில்லை. கூற்று விளங்காவிட்டால் தொகையைப் பாருங்கள்: 16,000 வரவேண்டிய இடத்தில் 14,400 வந்தால் கழிப்புத் தொடர்கிறது. முத்திரையிட்ட பிரதியுடன் வங்கிக்குச் செல்லுங்கள்.

ஏற்கனவே பிடித்த பணம் பிரகடனம் கொடுத்தவுடன் கணக்குக்குத் திரும்பாது. அது இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டது. வங்கியிடம் அந்த ஆண்டுக்கான வரிக் கழிப்புச் சான்றிதழைப் பெற்று, மதிப்பாண்டு முடிந்தபின் வருமான விபரத்திரட்டை நிரப்பி மீளளிப்புக் கேட்க வேண்டும். விபரத்திரட்டுக்கான கடைசித் திகதி நவம்பர் 30. இந்த அலைச்சலைத் தவிர்க்கவேண்டுமானால் வட்டி விழுமுன் பிரகடனம் கொடுப்பதே வழி.

இந்த மாதம் உங்கள் வைப்புச் சான்றிதழ்களை எடுத்து, ஒவ்வொன்றின் முதிர்வுத் திகதியையும் வட்டியையும் ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டுத்தொகை 18 இலட்சத்துக்குள் இருந்தால், முதலில் முதிரும் வைப்பு உள்ள வங்கிக்கு முதலில் போங்கள்.