நடுவில் நிற்கும் சுவர்: சமரசம் பேசுபவர் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

“எங்கள் ஊரில் அடுத்தடுத்த இடத்துக்காரர்கள் இருவருக்கு நடுச்சுவரால் தகராறு. ஒருவர் மாடும் தென்னையும் வைத்திருக்கும் பழைய குடும்பம். மற்றவர் மனை வாங்கி, மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டியவர். மழைக்குப் பிறகு சுவர் சாய்ந்து நிற்கிறது. நீங்களே பேசித் தீர்த்து வையுங்கள் என்று இருவரும் என்னைக் கேட்கிறார்கள். பேச்சை எப்படித் தொடங்குவது?”

- வாசகர் ஒருவர், நாவலூர்.

சமரசம் பேசுபவர் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்வதைத் ‘தொடக்க உரை’ என்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் தொடங்கப்பட்ட சமரச தீர்வு மையத்திலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அண்டை வீட்டார் இடையே வரும் ஆக்கிரமிப்பு, வழிப்பாதை போன்ற வழக்குகள் சமரசத்துக்கு ஏற்றவை என்று 2010-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் இருவரும் அதே இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

நாவலூர் பக்கத்தில் இந்த உரை பெரும்பாலும் முதல் வார்த்தையிலேயே கெட்டுப்போகிறது. மாடு வைத்திருப்பவரை ‘அண்ணே’ என்றும், புது வீட்டுக்காரரை ‘சார்’ என்றும் கூப்பிட்டால் இருவருக்கும் சந்தேகம் வந்துவிடும். ‘நம்ம ஆளு’ என்று ஒருவரும், ‘பணக்காரனுக்குத் தனி மரியாதை’ என்று மற்றவரும் நினைப்பார்கள். இருவரையும் ‘ஐயா’ என்றே சொல்லிவிடலாம். அடுத்த கண்ணி சுவரின் பெயர். ‘உங்க சுவர்’ என்றாலும் ‘பொதுச் சுவர்’ என்றாலும் பாதித் தீர்ப்பைச் சொல்லியாகிவிட்டது. சுவர் இருவர் இடத்திலும் பாதிப் பாதியாக நிற்கிறதா, ஒருவர் இடத்திலேயே முழுதாக நிற்கிறதா என்பதுதானே தகராறு! ஆகவே ‘நடுவில் நிற்கும் சுவர்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் சமரசம் பேசுபவர் வாயில் வரவே கூடாது.

இருவரும் உட்கார்ந்த பிறகு, ஏறக்குறைய இப்படி வாசிக்கலாம்:

“ஐயா இரண்டு பேருக்கும் வணக்கம். நீங்கள் இருவரும் கேட்டதால்தான் வந்திருக்கிறேன். நான் நீதிபதியும் இல்லை, பஞ்சாயத்துத் தீர்ப்பு சொல்ல வந்தவனும் இல்லை. சுவர் யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களில் யாரோடாவது எனக்கு உறவோ, கொடுக்கல் வாங்கலோ இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது சரிப்படாது என்று நினைத்தால் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே யாருக்கும் கட்டாயம் இல்லை. எந்த நேரத்திலும் எழுந்து போகலாம். பேச்சு முறிந்தால் கோர்ட்டுக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கும். முதலில் ஒருவர் பேசுவார், மற்றவர் குறுக்கிடாமல் கேட்பார். பிறகு அவர் முறை. யார் முதலில் பேசுவது என்று சீட்டுப் போட்டுப் பார்ப்போம். தேவைப்பட்டால் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவேன். தனியாகச் சொன்னதை, நீங்கள் சொல்லச் சொன்னால் ஒழிய, அடுத்தவரிடம் சொல்ல மாட்டேன். இங்கே பேசியதை வெளியிலோ கோர்ட்டிலோ யாரும் எடுத்துப் பேசக் கூடாது. என்னையும் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

நம் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது ஒன்று. அதை அளந்துதான் பார்க்க வேண்டும். இந்தச் சுவரை என்ன செய்வது, செலவு யாருடையது என்பது மற்றொன்று. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பேசி முடியும் வரை இருவரும் சுவரில் கை வைக்க வேண்டாம். விழுந்துவிடும் என்று தோன்றினால் முட்டுக் கொடுப்பதை மட்டும் சேர்ந்து செய்வோம். இதற்கெல்லாம் சம்மதமா?”

கடைசிக் கேள்விக்கு இருவரும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது.

ரகசியம் பற்றிய வரியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தனியாகப் பேசும்போது ஒருவர், ‘அஸ்திவாரம் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருக்கலாம், செலவில் பாதி தருகிறேன்’ என்றால், அதை ஒப்புதலாகக் கோர்ட்டில் காட்டக் கூடாது என்பதுதான் பொருள். பத்திரமும், பட்டாவும், சர்வே கல்லும் ரகசியம் ஆகிவிடாது. அவை எப்போதும் சாட்சிதான்.

இரண்டு கேள்விகளையும் பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. ‘சர்வேயர் வந்தால் தெரிந்துவிடும்’ என்றே எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். கட்டணம் செலுத்தி அளக்க மனுப் போடுவது சரியான வழிதான். ஆனால், பெரும்பாலான புலப்படங்களில் அளவுகள் மீட்டரில் ஒரு தசம இடம் வரைதான் இருக்கும். அதாவது 10 சென்டிமீட்டர் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவரின் பாதி கனம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். சுவர் ஒரு முழம் தள்ளி நிற்கிறதா என்பதை அளவு தெளிவாகக் காட்டிவிடும். பாதிச் சுவர் யாருடையது என்பதை அடித்துச் சொல்வது கடினம். அந்த மிச்சத்தைப் பேசித்தான் முடிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, சுவரின் நீளம் 60 அடி என்று வைத்துக்கொள்வோம். பாதிக் கனம் நாலரை அங்குலம். தகராறில் உள்ள நிலம் 22.5 சதுர அடி, ஒரு சென்ட்டில் பத்தொன்பதில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கைத் தொடக்க உரையில் சொல்லிவிடக் கூடாது. ‘இவ்வளவுதானா, விட்டுக்கொடு’ என்று சொன்னதுபோல ஆகி, இழந்தவராக நினைப்பவர் எழுந்து போய்விடுவார். இருவரும் பேசி முடித்த பிறகு, அவர்களையே கணக்குப் போடச் சொல்லலாம்.

சுவர் சாய்ந்ததற்கும் இந்த நாலரை அங்குலத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. சாதாரண காம்பவுண்டுச் சுவர் மண்ணைத் தாங்குவதற்காகக் கட்டப்படுவதில்லை. ஒரு பக்கம் மூன்று அடி மண் கொட்டினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் ஊறிக் கனத்துச் சுவரைத் தள்ளும். தாழ்வான பக்கமாகச் சாய்ந்து, படுக்கைவாட்டில் விரிசல் இருந்தால் மண் தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். ஓரிடத்தில் மட்டும் இறங்கி, படிக்கட்டுபோல விரிசல் ஓடினால் அஸ்திவாரம் அமர்ந்திருக்கலாம். மாட்டுத் தொழுவத் தண்ணீர் தேங்குவதோ, மரத்தின் வேரோ அதற்குக் காரணமாகலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதையும் சமரசம் பேசுபவர் முடிவு செய்யக் கூடாது. இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு பொறியாளரை, செலவைப் பாதிப் பாதி போட்டுக் கூப்பிட்டுக் காட்டுவதுதான் முறை. மண் தள்ளியது என்று தெரிந்தால், மேட்டுப் பக்கத்துக்காரர் தன் இடத்துக்குள் மண்ணைத் தாங்கும் சுவரைக் கட்டி, தண்ணீர் வடிய வழி வைப்பது என்ற யோசனைக்கு இருவரும் வந்து சேரலாம். அந்தத் தண்ணீர் தாழ்வான பக்கத்துத் தொழுவத்துக்குள் போகாமல் எங்கே விடுவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

முடிவு வந்தால் அன்றே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எந்தச் சுவர், எத்தனை அடி, யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் முன் எழுதிய தாள் ஒப்பந்தம்தான், கோர்ட் தீர்ப்பு ஆகாது. அந்த வலு வேண்டுமானால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, லோக் அதாலத்தில் அதே முடிவைப் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே கட்டணம் இல்லை. வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால், தங்களுக்குள் பேசி முடித்தவர்களுக்கும் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னை உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. ஊர்ப் பேச்சில், நிலத்தில் ஓர் அங்குலமாவது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதாக முடிவானால், சமரசத் தாள் மட்டும் போதாது. பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.