மாதம் 4 விழுக்காடு வட்டி: எந்தத் தொகைக்கு?

"மாசம் 4 பர்சன்ட்தான்." முதல்முறை கடன் வாங்கப் போகும்போது இதைக் கேட்டதும் பலரும் 'சரி, சமாளிக்கலாம்' என்று தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த 4 விழுக்காடு எந்தத் தொகைக்கு என்று கேட்பவர்கள் குறைவு. செலவைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதத்துக்கு அதிகபட்சம் 4 விழுக்காடு வட்டி வாங்கலாம். 2015 அக்டோபர் 1ஆம் தேதி முதல் இதுதான் உச்சவரம்பு. ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்கும் குறைவாக உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பிணையில்லாக் கடனாக மொத்தம் 3,000 வெள்ளி வரை வாங்கலாம். எல்லா நிறுவனங்களிடமும் வாங்குவதைச் சேர்த்துத்தான் இந்த 3,000. அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: 3,000 வெள்ளி, 6 மாதத் தவணை, மாதம் 4 விழுக்காடு.

ஒரே விழுக்காடு, இரண்டு கணக்கு

முதல் வழி மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 3,000க்கு 4 விழுக்காடு 120 வெள்ளி. ஆறு மாதத்துக்கு 720 வெள்ளி வட்டி. அசலோடு சேர்த்து ஆறாக வகுத்தால் மாதத் தவணை 620 வெள்ளி. இதை 'ஃபிளாட்' வட்டி என்பார்கள்.

கணக்கு சுலபம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐந்து தவணை கட்டிய பிறகு உங்கள் கையில் அந்த 3,000 வெள்ளி இல்லை; பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அப்படியும் ஆறாவது மாதம் முழு 3,000க்கும் வட்டி போடுகிறார்கள்!

இரண்டாவது வழி, 'ரெடியூசிங் பேலன்ஸ்', அதாவது குறைந்துவரும் நிலுவை. ஒவ்வொரு மாதமும் இன்னும் பாக்கியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. இந்த முறையில் அதே கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 572 வெள்ளி. முதல் மாதம் அதில் 120 வெள்ளி வட்டிக்குப் போகும், 452 அசலைக் குறைக்கும். பாக்கி 2,548. இரண்டாம் மாதம் அந்த 2,548க்குத்தான் வட்டி, அதாவது 102 வெள்ளி. கடைசி மாதம் வட்டி 22 வெள்ளியாக இறங்கிவிடும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து வட்டி சுமார் 434 வெள்ளி.

720 எங்கே, 434 எங்கே! இரண்டு இடத்திலும் சொல்லப்பட்டது '4 பர்சன்ட்'தான். உண்மையில் 620 வெள்ளித் தவணையைக் குறைந்துவரும் நிலுவையில் கணக்கிட்டுப் பார்த்தால் வட்டி மாதம் 6.5 விழுக்காடு ஆகிறது.

உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் இரண்டாவது முறையில்தான் வட்டி கணக்கிட வேண்டும் என்பது விதி. 10,000 வெள்ளிக் கடனில் 4,000 வெள்ளி அசலைத் திருப்பிக் கட்டியிருந்தால், மீதமுள்ள 6,000க்கு மட்டுமே வட்டி போடலாம்.

ஒப்பந்தத்தில் எந்த முறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாதத் தவணை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. இரண்டு முறையிலும் அது ஒரே அளவாக இருக்கலாம். தவணை அட்டவணையைக் கேளுங்கள். அதில் வட்டி தனியாக, அசல் தனியாகப் பிரித்திருக்கும். இரண்டாம் மாத வட்டி முதல் மாதத்தைவிடக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால், கையெழுத்துப் போடும் முன்பே "ஏன்?" என்று கேட்டுவிடுங்கள்.

வங்கிக் கடனுக்கு வேறு பிரச்சினை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் ஃபிளாட் விகிதம். பக்கத்தில் சின்ன எழுத்தில் இஐஆர் என்று இன்னொன்று இருக்கும். 10,000 வெள்ளியை ஆண்டுக்கு 3.5 விழுக்காடு ஃபிளாட் வட்டியில் மூன்றாண்டுக்கு எடுத்தால் இஐஆர் சுமார் 6.6 விழுக்காடு. இரண்டு கடனை ஒப்பிடும்போது அந்தச் சின்ன எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கைக்கு வருவது 3,000 இல்லை

கடன் கொடுக்கும்போது நிர்வாகக் கட்டணமாக அசலில் 10 விழுக்காடு வரை வாங்கலாம். நம் எடுத்துக்காட்டில் அது 300 வெள்ளி. அதைக் கழித்துக்கொண்டு கொடுத்தால் கைக்கு 2,700தான் வரும். வட்டி மட்டும் 3,000க்கு ஓடும். இதையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை மாதம் 4 அல்ல, 7.3 விழுக்காட்டை எட்டுகிறது. இது சட்டப்படி சரிதான். அதற்காகச் செலவு இல்லை என்று ஆகிவிடாது.

தவணை தவறினால்?

இங்கே இரண்டு வெவ்வேறு தண்டனைகள் இருக்கின்றன. ஒன்று தாமத வட்டி: மாதம் 4 விழுக்காடு வரை. இன்னொன்று தாமதக் கட்டணம்: தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 60 வெள்ளி வரை.

தாமத வட்டி, கட்டத் தவறிய தவணைக்கு மட்டும்தான். இன்னும் கெடு வராத பாக்கிக்கு அதைப் போடக்கூடாது. நீங்கள் இரண்டாவது தவணையைத் தவறவிட்டதாக வைத்துக்கொள்வோம். 572 வெள்ளிக்கு ஒரு மாதத் தாமத வட்டி 23 வெள்ளி. அதையே பாக்கி 2,548 முழுவதற்கும் போட்டால் 102 வெள்ளி ஆகிவிடும். கணக்கு அறிக்கையில் இப்படி ஒரு தொகை தெரிந்தால், எதற்கு எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள்.

சின்னக் கடன் வாங்குபவர்களை அதிகம் கடிப்பது தாமத வட்டி அல்ல, அந்த 60 வெள்ளிதான் என்று நினைக்கிறேன். 500 வெள்ளியை அதே வட்டியில் ஆறு மாதத்துக்கு வாங்கினால் தவணை 95 வெள்ளி. ஒன்றைத் தவறவிட்டால் தாமத வட்டி 4 வெள்ளிகூட வராது. கட்டணமோ 60 வரை போகலாம். தவணையில் பாதிக்கும் மேல்! இதற்கு முக்கியக் காரணம் சில சமயம் பணமில்லாதது அல்ல, தேதி. சம்பளம் 28ஆம் தேதி வருகிறது, தவணை 25ஆம் தேதி என்றால் மாதாமாதம் இந்தத் தலைவலிதான். ஒப்பந்தம் எழுதும்போதே தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கூரையும் உண்டு. வட்டி, தாமத வட்டி, நிர்வாகக் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக்கூடாது. 3,000 கடனுக்கு மொத்தக் கட்டணம் 3,000தான் உச்சம். கூரை இருப்பது நல்லதுதான், ஆனால் அதைத் தொடும்போது வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருப்பீர்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை

கடன் கொடுப்பவர் விதிமுறைகளை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகலும் தர வேண்டும். "அப்புறம் அனுப்புறோம்" என்றால் நகல் வரும்வரை கையெழுத்து வேண்டாம். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் ரசீது வாங்குங்கள். குறைந்தது ஜனவரி, ஜூலை மாதங்களில் கணக்கு அறிக்கையும் வர வேண்டும். அதை உங்கள் தவணை அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகை ஒத்துப்போகாமல் சரியான விளக்கமும் கிடைக்காவிட்டால், சட்ட அமைச்சின்கீழ் இயங்கும் கடன் கொடுப்போர் பதிவகத்தில் புகார் செய்யலாம்.

இத்தனை விதியும் உரிமம் உள்ளவர்களுக்குத்தான். வாட்ஸ்அப்பிலோ குறுந்தகவலிலோ "உடனடிக் கடன்" என்று யாராவது அனுப்பினால், அங்கே வட்டிக் கணக்கே பார்க்க வேண்டியதில்லை. உரிமம் பெற்றவர்கள் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது. நீங்கள் அவர்களுடைய அலுவலகத்துக்கு நேரில் போகாமல் கடன் கொடுக்கவும் கூடாது.