பட்டினத்தார் சொன்ன பதிலை கண்ணதாசன் ஏன் எடுத்தார்?

புதுக்கோட்டை பக்கம் துக்க வீட்டு வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், ஒருமுறையாவது ‘வீடு வரை உறவு’ ஒலிக்காமல் இருக்காது. 1962-ல் வெளிவந்த ‘பாதகாணிக்கை’ படப் பாடல். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜன் பாடியது. அறுபது வருஷம் தாண்டியும் அது நிற்பதற்கு அதன் சோகம்தான் காரணம் என்பார்கள். சோகப் பாட்டுக்கா நம்மிடம் பஞ்சம்? என்னைக் கேட்டால், காரணம் பல்லவியின் கடைசி வார்த்தை. அது ஒரு கேள்வி. பாட்டு முடிந்தாலும் அதற்குப் பதில் வருவதில்லை.

இத்தனைக்கும் பதில் ஏற்கெனவே இருந்தது. இந்தப் பல்லவியின் மூலம் பட்டினத்தாரின் ஒரு பாடல். செல்வமும் வாழ்வும் வீட்டோடு சரி. அழுகிற பெண்கள் வீதியோடு சரி. தலையில் கைவைத்து அழும் பிள்ளைகள் சுடுகாட்டோடு சரி. அதற்குப் பிறகும் கூட வருவது நாம் செய்த புண்ணியமும் பாவமும்தான் என்று அவர் முடித்துவிடுகிறார். கேட்பவருக்குப் பாடம் கிடைத்துவிடுகிறது. தலையாட்டிவிட்டுப் போகலாம்.

கண்ணதாசன் வீடு, வீதி, காடு என்ற மூன்று படிகளையும் அப்படியே வைத்துக்கொண்டார். நாலாவது படியில் இருந்த பதிலை மட்டும் உருவிவிட்டு, கடைசிவரை வருவது யார் என்று கேட்டு நிறுத்தினார். பார்க்க ஒரு வார்த்தை மாற்றம் மாதிரிதான் தெரியும். ஆனால் அதற்காக அவர் மேலேயும் கை வைத்திருக்கிறார். பட்டினத்தாரின் முதல் படியில் இருப்பது செல்வம், அதாவது ஒரு பொருள். கண்ணதாசன் அங்கே உறவை வைக்கிறார். அடுத்து மனைவி, அடுத்து பிள்ளை. மூன்றுமே மனிதர்கள். அதனால்தான் நாலாவதாக ‘எது’ என்று கேட்காமல் ‘யார்’ என்று கேட்க முடிகிறது. யார் என்று கேட்டபிறகு, புண்ணியம், பாவம் என்று பதில் சொன்னால் இலக்கணத்திலேயே ஒட்டாது. உயர்திணைக் கேள்விக்கு அஃறிணைப் பதில்! பழைய பதில் திரும்பி வர முடியாதபடி கதவைச் சாத்திவிட்டார்.

இன்னொன்று, அந்த வார்த்தையின் கடைசியில் இருக்கும் ஓகாரம். ‘யார்?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். ‘யாரோ’ என்றால் கேட்பவருக்கே தெரியவில்லை, உங்களிடமும் அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. பாடுகிறவருக்கும் வசதி. ‘ர்’ வாயை மூடிவிடும். ‘ஓ’ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும்.

கேள்வியில் முடித்தாலே பாட்டு மனசில் நிற்கும் என்று இதை வைத்து யாராவது சூத்திரம் போட்டால் அது தப்பு. இதே பாட்டின் ஒரு சரணமும் கேள்வியில்தான் முடிகிறது. கூடுகிற கூட்டமெல்லாம் கொள்ளி வைக்கும்வரை வருமா என்று கேட்கிறது. வராது என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கேள்வி வேஷம் போட்ட பதில் அது. அதை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. இப்போது வரும் காதல் பாடல்கள் பலவற்றில் முடிவில் நிற்கும் கேள்விகள் இந்த ரகம்தான். ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று சட்டென்று சொல்ல முடிந்தால், அந்தக் கேள்வி அங்கேயே செத்துவிடும்.

பதிலை எடுத்ததால் பட்டினத்தாரின் அறம் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. நியாயமான வருத்தம்தான். நல்லது செய், அதுதான் கூட வரும் என்கிற அழுத்தம் பல்லவியில் இல்லை. ஆனால் ஒரு சாவு வீட்டில் கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இருப்பார், கறுப்புச் சட்டைக்காரரும் இருப்பார். பட்டினத்தாரின் பதில் முதல் ஆளுக்கு மட்டும்தான். கேள்வி இரண்டு பேருக்கும் பொது. கண்ணதாசனே இந்த இரண்டு பக்கமும் வாழ்ந்தவர். திராவிட இயக்க நாத்திகராக இருந்து, பின்னாளில் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எழுதியவர். பதின்ம வயதில் அவர் பத்திரிகை வேலை பார்த்த ‘திருமகள்’ வெளிவந்தது இதே மாவட்டத்து ராமச்சந்திரபுரத்திலிருந்துதான் என்பது உபரித் தகவல்.

பாட்டின் கடைசிச் சரணம் உயிர் போவதையும் உடல் எரிவதையும் சொல்லி சூனியத்தில் போய் நிற்கிறது. அதுவே பதில் ஆகாதா என்று கேட்கலாம். பாட்டு அந்தச் சரணத்தோடு மட்டும் நின்றிருந்தால் ஆகியிருக்கும். ஆனால் சினிமா பாட்டில் சரணத்துக்குப் பிறகு பல்லவி திரும்ப வரும் என்பது நம் காதுக்குப் பழகிய விஷயம். சூனியம் என்று கேட்ட காது, அடுத்து பழைய கேள்விக்குத்தான் போகும். இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இந்தப் பாட்டை முப்பது நொடிக்கு வெட்டிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது பல்லவியை மட்டும்தான். சரணங்கள் அத்தனையும் போனாலும் கேள்வி தப்பித்துவிடுகிறது.