எந்தச் சங்கத்தை விட்டுப் போகிறோம்?

தமிழில் ஒரு கோளாறு இருக்கிறது. சிவப்புக் கொடி கட்டுவதும் சங்கம், கடன் கொடுப்பதும் சங்கம், சாதிக்காரன் கூடுவதும் சங்கம். இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நம்ம சனத்தை எத்தனை பேர் எத்தனை வருசமாக மிரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மதுரைப் பக்கத்துத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளில் நாலு நாள் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளலாம். "அவுக யூனியனை விட்டு நம்ம யூனியனுக்கு வந்தா, சங்கத்துல போட்ட பங்கு போயிருமாம்ல?" என்று கேட்கிறார்கள். இருபது வருசம் சந்தா கட்டிய பழைய யூனியனில் நம்மை ஒரு முறைகூட மேடையேற்றாதவர்கள், நாம் வெளியே கிளம்பும்போது மட்டும் இந்தப் பயத்தை அவிழ்த்துவிடுகிறார்கள்.

முதலில் இதை அறுத்துவிடுவோம். தொழிற்சங்கம் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பதிவாவது. அதற்குக் கட்டுவது சந்தா. அதில் பங்கு கிடையாது. விலகினால் திருப்பிக் கேட்கவும் ஒன்றும் கிடையாது, சங்க விதியில் ஏதாவது உதவித்தொகை எழுதியிருந்தால் ஒழிய. பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்பது வேறு. அது 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழும் 1988-ஆம் ஆண்டு விதிகளின் கீழும் நடப்பது. அங்கேதான் சம்பளத்தில் பிடித்து பங்குத் தொகை சேர்க்கிறார்கள். எந்த யூனியனில் இருந்தாலும், யூனியனே இல்லாவிட்டாலும், அந்தப் பங்கு உறுப்பினருடையது. இரண்டு சங்கத்துக்கும் ஒரே ஆள் தலைவராக இருக்கலாம், ஒரே அறையில் இரண்டு பலகை தொங்கலாம். அதனால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடாது.

யூனியனை விடுகிறவர் கூட்டுறவுச் சங்கத்தையும் கோபத்தில் விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. அவசர ஆத்திரத்துக்கு, கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் கடன் வாங்க அது ஒன்றுதான் இருக்கிறது. அதைவிட முக்கியம், அங்கே எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நூறு ரூபாய் பங்கு வைத்திருக்கிற துப்புரவுத் தொழிலாளிக்கும், ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிற எழுத்தருக்கும் பேரவைக் கூட்டத்தில் கை ஒன்றுதான். நாம் வெளியேறினால் அந்தக் கைதான் குறையும்.

ஆனால் ஓய்வு பெறும்போது வெளியேறித்தான் ஆக வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மதுரை வட்டாரத்தில் ஓர் உள்ளாட்சியில் இருபத்தொன்பது வருசம் பெருக்கிய ஓர் அக்காவோடு சங்க அலுவலகத்துக்கு நான் நடந்திருக்கிறேன். ஊர்ப் பேரும் சங்கப் பேரும் வேண்டாம். இந்தக் கதை ஓர் ஊரோடு முடிவதும் இல்லை. அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த பதில், "நீ ஜாமீன் போட்டிருக்கல்லம்மா, அந்தக் கடன் முடியட்டும், அப்புறம் பாப்போம்." அதையும் எழுத்தில் தரவில்லை. மூன்று மாதம் இப்படியே போனது. நாற்காலி இருந்தது, ஆனால் அக்கா உட்காரவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அவர் கணக்கை வட்டியை ஒதுக்கிவிட்டு முழு எண்ணில் சொல்கிறேன். பங்குத் தொகை 10,000 ரூபாய். சிக்கன சேமிப்பு 38,000. அவர் வாங்கிய கடனில் நிலுவை 21,500 என்று எழுத்தர் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். இது போக, கூட வேலை பார்க்கும் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்து.

இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பங்கும் சேமிப்பும் ஒரே பொருள் அல்ல. சேமிப்பு என்பது சங்கம் நமக்குத் தர வேண்டிய கடன். பங்கு என்பது நாம் சங்கத்தில் போட்ட முதல். சங்கம் நொடித்துக் கலைக்கப்பட்டால் முதலில் வெளிக்கடன், சேமிப்பு, வைப்பு எல்லாம் தீர்த்த பிறகு மிச்சம் இருந்தால்தான் பங்குக்கு வரும். வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, கூட்டுறவு வங்கிக்கும் இருக்கிறது. இந்தச் சிக்கன நாணயச் சங்கங்களின் சேமிப்புக்கு அது கிடையாது, பங்குக்கு எங்கேயுமே கிடையாது. அதனால் பாஸ்புக்கில் இரண்டும் தனித்தனியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "மொத்தம் இவ்வளவு" என்று ஒரே தொகையாக எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

உறுப்பினர் பட்ட கடனைப் பங்கிலும் சேமிப்பிலும் கழித்துக்கொள்ளும் உரிமை சங்கத்துக்கு உண்டு. அதை நாம் மறுக்க முடியாது. ஆனால் எந்தக் கடனை? ஜாமீன் போட்ட ஆள் வேலையில் இருக்கிறார், மாதா மாதம் அவர் சம்பளத்தில் தவணை பிடிக்கப்படுகிறது, ஒரு தவணையும் தவறவில்லை. அப்படியானால் அக்கா இன்றைக்குச் சங்கத்துக்கு ஒரு பைசாவும் கடன்படவில்லை. நாளைக்கு அவர் கட்டாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் சங்கத்துக்கு இருப்பது நியாயம்தான். அதற்கு வழி மாற்று ஜாமீன். பணியில் இருக்கும் இன்னொரு உறுப்பினர் கையெழுத்துப் போட்டு, நிர்வாகக் குழு தீர்மானம் எழுதி, பழைய ஜாமீனை விடுவிக்க வேண்டும். கடன் வாங்கிய ஆளே ஒருவரைக் கூட்டிவந்தார், ஒரு வாரத்தில் முடிந்தது. மூன்று மாதமாக இதை அந்த அலுவலகத்தில் யாருமே சொல்லவில்லை. நம்ம ஆட்களுக்குள்ளேயே ஒருத்தருக்கு ஒருத்தர் மாறி மாறி ஜாமீன் போட்டுக்கொள்வதால், ஒருவர் ஓய்வு பெறும்போது நாலு பேர் மாட்டுகிறார்கள். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே யார் யாருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று சங்கத்திலிருந்து பட்டியல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அந்த 21,500. துண்டுச் சீட்டை ஏற்க மாட்டோம், பேரேட்டுப்படி எழுதித் தாருங்கள் என்றோம். அக்காவின் கடைசி சம்பளப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் கடைசி இரண்டு மாதமும் அசலுக்கான தவணை 1,750 வீதம் பிடித்திருக்கிறார்கள். சங்கப் பேரேட்டில் அந்த இரண்டு மாதமும் காலி. நிர்வாகம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது, சங்கத்துக்கு அனுப்பவில்லை. இது அபூர்வமான சங்கதி இல்லை தோழர்களே. பணத் தட்டுப்பாடு வரும்போது உள்ளாட்சிகள் முதலில் கை வைப்பது தொழிலாளியிடம் பிடித்த காசில்தான். காசு தன் கையைத் தொடாமலே போவதால் தொழிலாளிக்குத் தெரிவதில்லை. சம்பளப் பட்டியலையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் தெரியும். 3,500 வரவு வைக்கப்பட்டு நிலுவை 18,000 ஆனது. 48,000-இல் 18,000 போக 30,000 அக்காவின் கைக்கு வந்தது. முதலில் சொன்ன கணக்குப்படி 26,500 தான் வந்திருக்கும்.

விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று மாணவத் தோழர்கள் தெரிந்துகொண்டால் ஊரில் பத்துப் பேருக்கு உதவும். சங்கத்தின் செயலாளருக்கு, அல்லது தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இல்லாமல் தனி அலுவலர் இருந்தால் அவருக்கு. உறுப்பினர் எண், விலகும் காரணம், ஓய்வு ஆணையின் தேதி, பங்கையும் சேமிப்பையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுத் திருப்பித் தரக் கோருவது, நிலுவை இருந்தால் விவரம் எழுத்தில் கேட்பது, அவ்வளவுதான். இரண்டு நகல். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபால். பங்குச் சான்று தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பேரேடு சங்கத்திடம் இருக்கிறது, உறுதிமொழி எழுதிக் கேட்கலாம். துணைவிதியின் நகலையும் கேளுங்கள். ஓர் ஆண்டில் எவ்வளவு பங்குத் தொகை திருப்பலாம் என்ற வரம்பு, எத்தனை நாள் அறிவிப்பு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். "விதியில் இடமில்லை" என்று யாராவது சொன்னால், எந்த விதி, எந்தப் பக்கம் என்று கேட்க அது கையில் வேண்டும்.

தரவில்லை என்றால் துணைப் பதிவாளரிடம் எழுத்து மனு. அதற்கும் அசையவில்லை என்றால் சட்டத்தின் 90-ஆம் பிரிவில் தாவா. உறுப்பினருக்கும் முன்னாள் உறுப்பினருக்கும் இறந்துபோன உறுப்பினரின் வாரிசுக்கும் சங்கத்தோடு உள்ள வழக்கு அந்த வழியில்தான் போக வேண்டும், சிவில் கோர்ட்டுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். மேல்முறையீடு கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்கு. ஒத்தக்கடையில் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறதே, நேரே ரிட் போடலாமே என்று சில வழக்கறிஞர்கள் ஆசை காட்டுவார்கள். 2006-இல் மாரப்பன் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு சங்கத்தின் மேல் நேரடியாக ரிட் சாதாரணமாக நிற்காது. தகவல் உரிமைச் சட்டமும் அப்படித்தான். 2013-இல் கேரளத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில், இப்படிப்பட்ட சங்கங்கள் தாமாகப் பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் பதிவாளர் அலுவலகம் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. அவர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை நாம் அவரிடம் கேட்கலாம். ஆகவே தணிக்கை அறிக்கை வேண்டுமென்றால் மனுவைச் சங்கத்துக்கு எழுதாதீர்கள், துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இனி என் ஆத்திரத்தைச் சொல்கிறேன். அக்கா வேலைக்குச் சேர்ந்த வருசம் பிடித்த பங்கு பத்து ரூபாய். இருபத்தொன்பது வருசம் கழித்துத் திரும்பி வந்ததும் அதே பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்கு அன்றைக்கு என்ன வாங்கலாம், இன்றைக்கு என்ன வாங்கலாம்? கூட்டுறவில் பங்குக்கு விலை ஏறாது, முக மதிப்புக்கு மேல் தர மாட்டார்கள். சூதாட்டம் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, அது எனக்கும் சம்மதமே. ஆனால் ஒவ்வொரு வருச லாபத்திலும் ஒரு பகுதியை ஒதுக்கிச் சேர்த்த காப்பு நிதி இருக்கிறதே, அது யாருடைய வட்டியில் சேர்ந்தது? கடன் வாங்கி வட்டி கட்டியது பெரும்பாலும் கீழ்மட்டத் தொழிலாளி. விலகும்போது அந்த நிதியில் அவருக்கு ஒரு பைசா பாத்தியதை இல்லை. பங்கு ஈவு வருகிறதே என்பார்கள். அறிவித்த ஈவைக் கேட்டு வாங்காமல் விட்டால் அதுவும் குறித்த காலம் கழித்துச் சங்க நிதியிலேயே கரைந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனை பேருடைய ஈவு இப்படிப் போயிருக்கும் என்று எந்தப் பேரவைக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம்? ஈவு பட்டியலை உறுப்பினர் எண்ணோடு ஒட்டு, ஓய்வு ஆணையோடு சேர்த்துக் கணக்கை முடி என்று தீர்மானம் கொண்டுபோக உறுப்பினர் ஒருவர் போதும்.

இன்னொரு கூட்டத்துக்கு இந்தச் சண்டையே இல்லை. துப்புரவு வேலையைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விட்ட பிறகு, அதே தெருவை அதே விளக்குமாற்றால் பெருக்குகிற அக்காவின் மகளுக்கு நிரந்தரப் பணி கிடையாது. அதனால் சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினராகவும் பெரும்பாலும் வழியில்லை. அவருக்குப் பங்கும் இல்லை, சேமிப்பும் இல்லை. அவசரத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டிக்காரன் காலையிலேயே வண்டியில் வந்துவிடுகிறான்.