பூத்த பழமும் பூஞ்சைப் பழமும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சவுதியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது இரண்டு கிலோ சுக்கரி பேரீச்சை கொடுத்துவிட்டுப் போனான். எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தோம். நாலைந்து மாதம் கழித்து, கார்த்திகை மழை நேரத்தில் திறந்து பார்த்தால், பழத்தின் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. "பூஞ்சை பிடிச்சிடுச்சு" என்று மிச்சமிருந்த ஒரு கிலோவையும் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டேன்.

விஷயத்தைப் போனில் சொன்னபோது அவன், "ஐயோ மாமா, அது பூஞ்சை இல்ல, சர்க்கரை பூத்தது. இங்கெல்லாம் அப்படியே சாப்பிடுவாங்க" என்றான். அன்றிலிருந்து இதைக் கவனித்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

தேன் பாட்டிலில் அடியில் மணல் மாதிரி உறைவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதேதான். பழத்தில் ஈரம் குறையக் குறைய, உள்ளே இருக்கும் சர்க்கரை கல்லாகித் தோலுக்கு அடியிலும் மேலேயும் வெள்ளையாகத் தெரியும். நாள் ஆக ஆக, சூடான இடத்தில் வைக்க வைக்க, அதிகமாகும். பழம் சொரசொரவென்று கடினமாகும். ஆனால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

வித்தியாசம் கண்டுபிடிக்க முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ, மக்கிய வாடையோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், எறிந்துவிடுங்கள். வாடை இல்லையென்றால் வெள்ளை இருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். சர்க்கரை கல்கல்லாக, பழத்தோடு ஒட்டியிருக்கும். பூஞ்சை பஞ்சு மாதிரி, பொசுபொசுவென்று மேலே எழும்பி நிற்கும். பிறகு ஒரு பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். சர்க்கரை கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. கடைசியாகப் பழத்தைப் பிளந்து கொட்டையைச் சுற்றிப் பாருங்கள். கறுப்புத் தூளோ, பூச்சியின் எச்சமோ, நூலாம்படையோ இருந்தால் வேண்டாம். சந்தேகமான பழத்தை வாயில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

அத்திப்பழத்துக்கும் இதே கதைதான். கடையில் மாலை மாதிரிக் கயிற்றில் கோத்து விற்கிறார்களே, ஆப்கானிஸ்தான் அத்தி, அதன் மேல் இருக்கும் மெல்லிய வெள்ளைப் பொடி பெரும்பாலும் அதன் சொந்தச் சர்க்கரைதான். அழுத்தினால் கொஞ்சம் அமுங்கினால் நல்ல பழம். கல் மாதிரி இருந்தால் ரொம்பப் பழசு. அத்தியைப் பிளக்காமல் சாப்பிடாதீர்கள். உள்ளே கறுப்பாகப் பொடி இருந்தால் அது பூஞ்சை. அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டால் போதாது, முழுப் பழத்தையும் எறிய வேண்டும். பூஞ்சையின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும்.

என் வருத்தம் வேறு ஒன்று. பூத்த பழத்தைத் தள்ளிவிட்டு, பளபளவென்று மின்னும் பழத்தை "புதுசு" என்று அள்ளிக்கொண்டு போகிறோம். கையில் பிசுபிசுவென்று ஒட்டி, பாக்கெட்டின் அடியில் பாகு தேங்கியிருந்தால் சர்க்கரைப் பாகு சேர்த்தார்களோ என்று சந்தேகிக்கலாம். உறையில் பொருட்கள் பட்டியலைப் படியுங்கள், குளுக்கோஸ் சிரப் என்று போட்டிருந்தால் தெரிந்துவிடும். நல்ல பழம் சுருக்கம் விழுந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும், விரலில் அவ்வளவாக ஒட்டாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பூத்ததால் பழத்தில் சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவு அதே அளவுதான்.

பூத்துக் கெட்டியான பேரீச்சையை இட்லிப் பானையில் தட்டில் பரப்பி, மூன்று நான்கு நிமிடம் ஆவி காட்டினால் மெத்தென்று ஆகிவிடும். பல்செட் போட்டிருக்கும் எங்களுக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் ஈரம் ஏறிவிட்டதால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஆவியில் வையுங்கள்.

சேமிக்க, ஒரு மாதத்துக்குள் முடிவதை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வையுங்கள். மீதியை இறுக்கமான டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் பல மாதம் தாங்கும், பூப்பதும் மெதுவாகும். பூச்சி பயம் இருந்தால் வாங்கி வந்ததும் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு எடுங்கள். வெளியே எடுத்ததும் உடனே மூடியைத் திறக்காதீர்கள். வியர்த்து ஈரமாகும், அங்கேதான் பூஞ்சை ஆரம்பிக்கும். அத்தியை எப்போதும் பேரீச்சையோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.

இந்தத் தடவை மருமகன் வந்தபோது கேட்டான், "மாமா, சுக்கரி வேணுமா, மாட்டுக்கு வேணுமா?" என்று. இரண்டு கிலோ எனக்கே வேண்டும் என்றேன். இப்போது அது எங்கள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கொஞ்சம் பூக்க ஆரம்பித்திருக்கிறது, நானும் பதறவில்லை.