கவருக்கு முதலில் முகவரி

மதுரையில் என் அண்ணி வாட்ஸ்அப் வழியாகச் சேலை விற்கிறார். சுங்குடியும் செட்டிநாட்டுக் காட்டனும்தான் சரக்கு. கடை கிடையாது, வீட்டின் முன்னறைதான் கிடங்கு, பேக்கிங் மேசை எல்லாம். பணம் போட்ட மறுநாள் காலையிலேயே செய்திகள் வந்துவிடும்: "டிஸ்பேட்ச் ஆயிருச்சா சிஸ்?" "நான் கேட்ட கலர்தானே வச்சீங்க சிஸ்?" முகம் தெரியாத ஒருவருக்குப் பணத்தை முதலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களின் கேள்விகள் இவை. இதற்குப் பதிலாகத்தான் இப்போது எல்லா வியாபாரிகளும் பேக்கிங் வீடியோ போடுகிறார்கள்.

அவற்றில் பாதிக்கு மேல் வெறும் அலங்காரம் என்பது என் கருத்து. பின்னணியில் பாட்டு ஓடும், டிஷ்யூ தாளில் சேலை சுருளும், மேலே ஒரு சாக்லேட் விழும், 'தேங்க்யூ' அட்டை வரும். அடுத்த காட்சியில் ஒட்டி முடித்த கவர்கள் மலையாகக் குவிந்திருக்கும். இதற்கு நடுவே ஒரு வெட்டு இருக்கிறது. தப்பு நடக்கிற இடமும் அதேதான்.

தவறான சேலை போவதற்கு, எடுத்தவர் கண் பிசகியதுதான் காரணம் என்று வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் அண்ணி வீட்டில் போன வருஷம் தீபாவளி நெரிசலில் நடந்தது வேறு. ஒரே மாலையில் இரண்டு ஆர்டர்கள். ஒன்று அரக்குக் கரை வைத்த பச்சைச் சுங்குடி, ஈரோட்டுக்கு. மற்றது கறுப்பில் மஞ்சள் புள்ளி, திருநெல்வேலிக்கு. இரண்டையும் சரியாகத்தான் எடுத்து வைத்தார்கள். இரண்டும் தனித்தனியே பாலித்தீன் உறையிலும், அதன்மேல் வெளியே ஒன்றும் தெரியாத வெள்ளைக் கூரியர் கவரிலும் போயின. எல்லாக் கவர்களையும் ஒட்டி அடுக்கிய பிறகு, அச்சடித்த முகவரிச் சீட்டுகளைக் கத்தரித்து வரிசையாக ஒட்டினார்கள். அடுக்கில் ஒரு கவர் இடம் மாறியிருந்தது. பச்சை திருநெல்வேலிக்குப் போனது, கறுப்பு ஈரோட்டுக்குப் போனது. ஒரு பிசகுக்கு இரண்டு புகார். இரண்டு சேலையும் திரும்பி வர வேண்டும், மறுபடி போக வேண்டும். நாலு கூரியர் செலவு. அந்த விலைச் சேலையில் கிடைக்கிற லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. அன்றைக்கும் வீடியோ எடுத்திருந்தார்கள். பச்சைச் சேலை கவருக்குள் போவது தெளிவாகத் தெரிந்தது. எந்தக் கவருக்குள் என்பதுதான் தெரியவில்லை.

அதன்பிறகு அண்ணி செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. காலிக் கவரில் முதலில் முகவரியை ஒட்டிவிடுகிறார், சேலை அப்புறம்தான். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு கவர், ஒரு சேலை. ஸ்டாண்டில் போனை மேலிருந்து கீழே பார்க்கும்படி மாட்டி, முகவரிச் சீட்டில் உள்ள ஆர்டர் எண்ணைக் காட்டி, வாய்விட்டுப் படிப்பார்: "நாற்பத்து மூணு. பச்சை, அரக்குக் கரை, ப்ளவுஸ் உண்டு." பிறகு சேலையை எடுத்து முந்தியையும் ப்ளவுஸ் துணி இருக்கும் ஓரத்தையும் விரித்துக் காட்டி, மடித்து, உள்ளே போட்டு, ஒட்டுப்பட்டையை உரித்து மூடுவார். மூடிய கவரைத் திருப்பினால் அதே எண் தெரிய வேண்டும். அதுவரை பதிவு நிற்காது. பாட்டு கிடையாது, பார்க்கச் சலிப்பாக இருக்கும், இரண்டு நிமிஷம்கூட வராது. வாங்கியவருக்கு மட்டும் போகும்.

வாய்விட்டுப் படிப்பதை நான் முதலில் நடிப்பு என்று நினைத்தேன். ஆனால் அதில் இரண்டு வேலை நடக்கிறது. வாட்ஸ்அப்பில் போகும்போது வீடியோ சுருங்கிவிடுவதால் சீட்டின் சின்ன எழுத்துகள் மங்கிப்போகும், குரல் மங்காது. இன்னொன்று, ஆர்டர் வரும் விதம். பலர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விரலால் ஒரு வட்டம் போட்டு "இது" என்று அனுப்புகிறார்கள். ஒரே டிசைனில் ப்ளவுஸோடும் ப்ளவுஸ் இல்லாமலும் இரண்டு சேலை இருக்கும். "ப்ளவுஸ் உண்டு" என்று சொல்லும்போது கை தானாக அந்த ஓரத்தைத் தேடுகிறது. இல்லையென்றால் அங்கேயே தெரிந்துபோகும். வீடியோவைப் பார்க்கும் வாடிக்கையாளரைவிட எடுக்கிற ஆளைத்தான் அது அதிகம் திருத்துகிறது.

எடையையும் சேர்த்துக்கொண்டது அண்ணியின் சொந்த யோசனை. மூடிய கவரைச் சமையலறைத் தராசில் வைத்துக் காட்டுகிறார். தபால் அலுவலகத்தில் ஸ்பீட் போஸ்ட் போட்டால் ரசீதில் எடை கிராம் கணக்கில் அச்சாகி வரும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால், வீட்டில் மூடிய பொட்டலம்தான் கவுண்டருக்கும் போனது என்று சொல்ல மூன்றாம் ஆளின் தாள் ஒன்று கையில் இருக்கிறது. நிறம் மாறியதை எடை காட்டிக்கொடுக்காது. இரண்டு சேலைக்கு ஒன்று போயிருந்தால் காட்டிக்கொடுக்கும்.

வீடியோவால் தீராத புகார் நிறம். அதிலும் பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த காட்டன் சேலை, பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் அடிக்கும். மயில் கழுத்து நிறம் அந்த வகை. எல்.இ.டி. வெளிச்சத்தில் போன் கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்வதாக நினைத்து இன்னும் மாற்றிவிடும். மேசையை ஜன்னல் பக்கம் போட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் ஓரளவு தேவலை. உள்மடிப்பில் இருக்கும் நெசவுப் பிசிறும் தெரியாது. முழுச் சேலையையும் விரித்துக் காட்டலாம்தான், ஆனால் கஞ்சி போட்ட சேலையை விரித்து மடித்தால் அந்த மொடமொடப்பு போய்விடும், பிரித்துப் பார்க்கிறவர் அடுத்து "கட்டின சேலையா?" என்று கேட்பார்.

வாங்குபவரிடம் வியாபாரிகள் கேட்கும் 'ஓபனிங் வீடியோ' பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டாமல், நிறுத்தாமல், கவரைப் பிரிப்பதைப் படம் பிடித்து அனுப்பாவிட்டால் புகார் செல்லாது என்று பலரும் எழுதிவைக்கிறார்கள். ஏமாற்றுகிற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். வியாபாரியின் பயம் பொய்யில்லை. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும் அறுபது வயது அம்மாள் ஒரு கையில் போனும் ஒரு கையில் கத்தரிக்கோலுமாக என்ன செய்வார்? விற்ற பொருள் பழுது என்றால், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. அதில் ஓபனிங் வீடியோ ஒரு நிபந்தனையாக இல்லை. வழக்காடத் தேவையில்லாமல் முதலில் புகார் சொல்ல 1915 என்ற உதவி எண் இருக்கிறது. அண்ணி ஓபனிங் வீடியோ கேட்பதில்லை. தன் வீடியோ வெட்டில்லாமல் இருக்கும்போது எதற்கு என்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு சண்டை போட்டேன். இன்ஸ்டாகிராமில் போடவும் அதே வீடியோவை எடுத்து வைத்திருந்தார். சீட்டில் வீட்டு முகவரியும் போன் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. கேட்காத பொருளைப் பார்சலாக அனுப்பி வாசலில் பணம் வசூலிக்கும் ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இப்போது பொதுவில் போடுவதற்கு ஆர்டர் எண் மட்டும் தெரியும்படி சீட்டின் மீதிப் பகுதியை ஒரு அட்டையால் மறைத்துத் தனியாக எடுக்கிறார். அந்த வீடியோவுக்குப் பாட்டும் உண்டு.