சொப்பு சாமான் பிசினஸா? முதல்ல பூச்சைப் பாருங்க!

அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய சொப்பு சாமானை, அழகான அட்டைப்பெட்டியில் போட்டு இன்ஸ்டாவில் விற்கலாம்னு யோசிக்கிறீங்களா? ஐடியா சூப்பர். ஆனா, குழந்தை அதை முதல்ல வாயில்தான் வைக்கும். அதனால பெட்டி டிசைனை அப்புறம் பார்த்துக்கலாம்.

கர்நாடகாவின் சென்னபட்டணா மரபொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. வெட்பாலை மரத்தை நல்லா காயவெச்சு, கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவாங்க. உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு வந்துடும். பிரஷ், தின்னர் எதுவும் தேவையில்லை. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி என்று தாவரச் சாயங்களும் உண்டு.

இதிலும் சிக்கல் இருக்கு. மரம் சரியா காயலைன்னா, அது பின்னாடி சுருங்கும்போது அரக்கு விரிசல் விடும். காரைக்கால் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் மரம் காய ரொம்ப நாளாகும். அவசரப்பட்டு பிளாஸ்டிக் உறையில் சீல் வெச்சா, உள்ளே பூஞ்சை பிடிக்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும். அதனால 'சானிடைசரால் துடைக்காதீங்க'ன்னு பெட்டியில் எழுதுறது நல்லது.

அரக்குக்குப் பதிலா கடை பெயின்ட் அடிக்கலாமா? வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு 2016 விதி சொல்லுது. அந்த விதி தொழிற்சாலை பெயின்ட்டுக்குப் பொருந்தாது. விலை மலிவுன்னு இனாமல் டப்பாவை எடுக்கும் முன், லேபிளைப் படிங்க. ஈரத்துணியால் தேய்த்து, சாயம் போகுதான்னு நீங்களே பார்க்கலாம். ஆனா ஈயம் இருக்கான்னு கண்ணால் தெரியாது. அதுக்கு லேப் டெஸ்ட்தான் வழி. மண் சொப்புன்னா, மெருகு பூசாம நல்லா சுட்டு, அப்படியே விடுறதுதான் பெஸ்ட்.

அடுத்தது அளவு. பொம்மைப் பரிசோதனைக்கு 31.7 மி.மீ. விட்டமுள்ள சின்ன உருளை ஒன்று வெச்சிருக்காங்க. அதுக்குள் அடங்கிடும் துண்டு 3 வயசுக்குக் கீழே உள்ள குழந்தையின் தொண்டையில் சிக்கும். சொப்பில் குட்டிக் கரண்டியும் மூடியும் அப்படித்தான்! பெரிசா செய்யுங்க, இல்லைன்னா வயசைத் தெளிவா அச்சடிங்க.

சட்டம்தான் பலர் கவனிக்காதது. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர் தானே செய்து விற்றால் விலக்கு உண்டு. அதாவது, கைவினைஞர் அட்டை இல்லாத நீங்க பட்டறை வெச்சா, உரிமம் வேணும். அதனால அம்பகரத்தூர்ல ஆரம்பிக்கிறவங்க, அட்டை வெச்சிருக்கிற கைவினைஞரைத் தேடி, அவர் பெயரிலேயே விற்க ஏற்பாடு செய்துட்டு, நீங்க பெட்டியும் ஆர்டரும் பார்த்துக்கலாமான்னு கேளுங்க. அந்த ஏற்பாடு விலக்குக்குள் வருமான்னு பிஐஎஸ் அலுவலகத்தில் எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. அதுக்கப்புறம் பெட்டி டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.